ஈ.சி., டி.டி.எஸ்.: புள்ளிகள் பிசகாமல் ஒரே கோட்டில் நின்றால் சந்தேகப்படுங்கள்

கேள்வி: எங்கள் ஊர்க் கிணறுகளின் தண்ணீரில் ஈ.சி., டி.டி.எஸ். இரண்டையும் மீட்டரால் அளந்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட எக்செலில் சிதறல் வரைபடம் எப்படிப் போடுவது?

கல்லூரித் திட்டப்பணிக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். படம் போடுவது சிறிய வேலை, அதையும் சொல்கிறேன். ஆனால் இரண்டையும் மீட்டரால் அளந்ததாகச் சொல்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன் நான். இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு.

டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த எடை. ஆனால் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் அந்த உப்பை எடை போடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை, அதாவது ஈ.சி.யை மட்டும் அளந்து, அந்த எண்ணை ஒரு காரணியால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. காரணி சில மீட்டர்களில் 0.5, சிலவற்றில் 0.7. ஈ.சி. 1340 உள்ள ஒரே தண்ணீருக்கு ஒரு மீட்டர் 670 என்றும் இன்னொன்று 938 என்றும் சொல்லும். ஆகவே மீட்டர் காட்டிய டி.டி.எஸ்.ஸை ஈ.சி.க்கு எதிராகப் புள்ளி வைத்தால், ஓர் அளவை அதன் பெருக்கலுக்கு எதிராக வரைகிறீர்கள். கோடு நேராக வரத்தான் செய்யும். அதில் கிணற்றைப் பற்றிய செய்தி எதுவும் இருக்காது.

உங்கள் எண்களும் அப்படிப்பட்டவையா என்று உடனே பார்த்துவிடலாம். A நிரலில் ஈ.சி., B நிரலில் டி.டி.எஸ். இருந்தால் C நிரலில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=B2/A2
```

எல்லா வரிசையிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால், அது மீட்டர் செய்த பெருக்கல். உண்மையான நிலத்தடி நீரில் இந்த விகிதம் பெரும்பாலும் 0.55க்கும் 0.7க்கும் இடையில் அலையும். ஒவ்வோர் உப்பும் தன் எடைக்கு ஒவ்வோர் அளவில் மின்சாரத்தைக் கடத்துவதுதான் காரணம்.

சில காலத்துக்கு முன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார் எங்களிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்தவர் கொடுத்த வரைபடம் அது. சுற்றுவட்டார ஆழ்துளைக் கிணறுகளின் ஈ.சி.யும் டி.டி.எஸ்.ஸும் அதில் இருந்தன. புள்ளிகள் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் நின்றன. “எங்கள் மீட்டர் எவ்வளவு துல்லியம் பாருங்கள்” என்பதற்கு அதுதான் சான்றாம். அதே கிணறுகளின் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னேன்.

ஈ.சி.யை 25 டிகிரிக்குத் திருத்தி அளந்தேன். டி.டி.எஸ்.ஸுக்குத் தண்ணீரை வடிகட்டி, 100 மி.லி.யை எடை பார்த்த பீங்கான் கிண்ணத்தில் வற்றவைத்து, 180 டிகிரி ஓவனில் உலர்த்தி, ஈரம் ஏறவிடாத டெசிகேட்டரில் ஆறவைத்து மறுபடி எடை போட்டேன். ஒரு லிட்டரில் 900 மி.கி. உப்புள்ள தண்ணீர் என்றால் கிண்ணத்தில் மிஞ்சுவது 90 மி.கி.தான். அதனால் 0.1 மி.கி. வரை காட்டும் தராசு தேவை. கிடைத்தவற்றில் ஏழு இவை (ஈ.சி. மைக்ரோசீமென்ஸ்/செ.மீ., டி.டி.எஸ். மி.கி./லிட்டர்):

```
620    390
850    560
1100   690
1340   900
1600   1010
1950   1250
6400   3650
```

இதை வைத்தே படம் போட்டுப் பாருங்கள். இரண்டு நிரலையும் தேர்ந்தெடுத்து `Insert` பகுதியில் `Scatter` எடுங்கள். `Line` எடுக்கவே கூடாது. அது 1950க்கும் 6400க்கும் உள்ள தூரத்தையும் 620க்கும் 850க்கும் உள்ள தூரத்தையும் ஒன்றாக்கி, எண்களை வெறும் பெயர்களைப் போல வரிசையில் நிறுத்திவிடும். புள்ளிகளைக் கோட்டால் இணைக்கவும் வேண்டாம். ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையில் எதுவும் அளக்கப்படவில்லை. கிடை அச்சில் ஈ.சி. வரட்டும், ஏனென்றால் எளிதில் அளப்பது அதுதான். அதிலிருந்து கணிக்கப் போகும் டி.டி.எஸ். நிலை அச்சில் வரட்டும். அலகுகளை அச்சிலேயே எழுதுங்கள்.

இனிப் போக்குக் கோடு. முதல் ஆறு கிணறுகளுக்கு மட்டும் போட்டால் சாய்வு 0.64, கோடு கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது, புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் R² 0.995. ஏழாவது, கடலோரத்தில் உப்பேறிப்போன கிணறு. அதையும் சேர்த்தால் R² 0.9985 ஆக உயர்கிறது. பலரும் இங்கேதான் மகிழ்ந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சாய்வு 0.56 ஆகக் குறைந்து, கோடு 104இல் தொடங்குகிறது. மின்சாரமே கடத்தாத தண்ணீரில் 104 மி.கி. உப்பு என்று பொருள்! 390 உள்ள முதல் கிணற்றுக்கு இந்தக் கோடு 450 என்கிறது. தனியாக நிற்கும் ஒரு புள்ளி கோட்டின் முனையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துவிட்டது. சோடியம் குளோரைடு மிகுந்த தண்ணீர் தன் எடைக்கு அதிகமாகவே மின்சாரத்தைக் கடத்தும். எனவே அதன் விகிதம் இயல்பாகவே குறைவு. அது வேறு வகைத் தண்ணீர். படத்தில் வேறு நிறத்தில் காட்டுங்கள், கோட்டில் சேர்க்காதீர்கள்.

“விருப்பப்படி புள்ளியை நீக்குகிறாயா” என்று புள்ளியியல் படித்தவர்கள் கேட்பார்கள். நீக்கச் சொல்லவில்லை. படத்தில் அது இருக்க வேண்டும், ஏன் கோட்டில் சேர்க்கவில்லை என்று கீழே எழுதவும் வேண்டும். R² ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பதும் என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1973இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப், சராசரி, ஒட்டுறவு, போக்குக் கோடு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம்.

எட்டாவதாக ஒரு கிணறும் இருந்தது: ஈ.சி. 1900, டி.டி.எஸ். 1520. கோட்டின்படி 1220 வர வேண்டும். எடையை மறுபடி போட்டும் மாறவில்லை. சல்ஃபேட் பார்த்தேன், மிக அதிகம். சல்ஃபேட் உப்பான ஜிப்சம் கரைந்த தண்ணீர் எடையில் கனக்கும், அந்த அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. விற்பனையாளரின் 0.5 மீட்டர் அதற்கு 950 காட்டியிருந்தது. 570 மி.கி. வித்தியாசம் அந்த நேர்க்கோட்டுக்குள் ஒளிந்திருந்தது.

கேட்காததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் விற்க வரும் இதே ஆட்கள்தான் வீட்டுத் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, அது பழுப்பாவதைக் காட்டி முதியவர்களைப் பயமுறுத்துகிறார்கள். அந்த நிறம் இரும்புக் கம்பி கரைந்து வருவது. ஆர்.ஓ. தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்துவதால் அதில் கம்பி கரைவதில்லை. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் அதுவும் பழுப்பாகும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 டி.டி.எஸ். 500 வரை ஏற்கிறது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. 390 உள்ள கிணற்றுக்காரரிடம் இயந்திரம் விற்றதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் மாதிரிகளில் பத்தையாவது ஒரு கூடத்தில் கொடுத்து எடை முறையில் டி.டி.எஸ். பார்க்கச் சொல்லுங்கள். ஈ.சி. குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று பரவலாகத் தேர்ந்தெடுங்கள். அந்த எண்களைக் கொண்டு படம் போட்டு, எத்தனை மாதிரிகள், எந்த முறையில் டி.டி.எஸ். அளக்கப்பட்டது, கோடு எந்த ஈ.சி. வரை பொருந்தும் என்ற மூன்றையும் படத்தின் அடியில் எழுதுங்கள்.