பத்திரச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ரோலர் கடைசல் வேலை செய்கிறோம். புதுப் பட்டறை கட்ட இந்த வருஷம் 12 சென்ட் காலி மனை என் பெயரில் 36 லட்சத்துக்கு வாங்கினேன். வழிகாட்டி மதிப்பு 38 லட்சம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வக்கீல், புரோக்கர், பேங்க் என்று தனியாக 4,47,000 ரூபாய் ஆனது. கணக்கு எழுதுபவர் மொத்தத்தையும் ‘சட்டச் செலவு’ என்று லாப நட்டக் கணக்கில் போட்டுவிட்டார். இது சரியா? இல்லையென்றால் எப்படித் திருத்துவது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: சரியில்லை. வருஷக் கணக்கை இன்னும் முடிக்கவில்லை என்றால் ஒரே பதிவில் திருத்திவிடலாம். ஆனால் 4,47,000 ரூபாயையும் அப்படியே தூக்கி நிலத்தின் மேல் போட்டால் அதுவும் தவறு. முதலில் ரசீதுகளைப் பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு ரசீதையும் கையில் எடுத்து, ‘இந்த மனையை வாங்காமல் இருந்திருந்தால் இந்தப் பணம் போயிருக்குமா?’ என்று கேளுங்கள். போயிருக்காது என்றால் அது மனையின் அடக்கவிலையில் சேரும். ‘வாங்கியிருந்தாலும், கடன் எடுக்காமல் இருந்திருந்தால் போயிருக்காது’ என்றால் அது கடனுக்கான செலவு. பேங்க் காரியமும் பத்திரக் காரியமும் பெரும்பாலும் ஒரே வாரத்தில், ஒரே வக்கீல் மூலம் நடப்பதால்தான் இரண்டும் கலந்துவிடுகின்றன.

உங்கள் தொகையை வைத்தே ஒரு மாதிரிப் பிரிப்பைப் போட்டுக் காட்டுகிறோம். உங்கள் ரசீதுகளைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கிரயத் தொகை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன் மேல்தான் கணக்கு. எனவே 38 லட்சத்துக்குத் தீர்வை 2,66,000, கட்டணம் 76,000. இந்த மனையின் மூலப் பத்திரங்களைப் பார்த்துச் சொன்ன வக்கீலுக்கு 15,000, வில்லங்கச் சான்றுக்கும் நகல்களுக்கும் 1,500, பத்திர எழுத்தருக்கு 6,000, அளந்து கல் நட்ட சர்வேயருக்கு 5,000, புரோக்கருக்கு 36,000. இவ்வளவும் நிலத்தைச் சேர்ந்தவை. கூட்டினால் 4,05,500.

மீதி 41,500 நிலத்தில் சேராது. அதில் பேங்க்கில் பத்திரத்தை ஒப்படைத்ததைப் பதிவு செய்த எம்.ஓ.டி. செலவு 16,000, பேங்க்கின் வக்கீலுக்குக் கொடுத்தது 7,500 என்று வைத்துக்கொள்வோம். ‘இதுவும் முத்திரைத் தீர்வைதானே, இதுவும் சார்பதிவாளர் ஆபீசில் கட்டியதுதானே’ என்று இதை நிலத்தில் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். இது கடன் வாங்குவதற்கான செலவு. கடனுக்கான முத்திரை, பதிவு, வக்கீல் செலவுகள் வருவாய்ச் செலவே என்று உச்ச நீதிமன்றம் 1965இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தக் கடனால் சொத்து வாங்கினார்களா, வேறு எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது அங்கே முக்கியமில்லை. ஆகவே இந்த 23,500ஐ ‘கடன் பெறும் செலவு’ என்று தனித் தலைப்பில் வையுங்கள்.

பேங்க் பிடித்த பிராசசிங் கட்டணம் 10,000 இருந்தால் அதை இதோடு கலக்காதீர்கள். கடன் கொடுப்பவர் வாங்கும் சேவைக் கட்டணத்தை வருமான வரிச் சட்டம் வட்டி என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. சொத்து வாங்கக் கடன் எடுத்தால், அந்தச் சொத்து பயன்பாட்டுக்கு வரும் நாள்வரை உள்ள வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. எனவே இந்த 10,000 வட்டிக் கணக்கோடு போகட்டும். பட்டறை ஓடத் தொடங்கும் நாள்வரை உள்ள வட்டியோடு சேர்த்து ஆடிட்டர் அதை முடிவு செய்யட்டும்.

இன்னும் 8,000 பாக்கி. இதே சமயத்தில் வேறொரு மனையைப் பார்த்து, வில்லங்கம் இருந்ததால் விட்டுவிட்டு, அதற்கு வக்கீலுக்குக் கொடுத்த பணம் என்று கொள்வோம். வாங்காத மனைக்கான கருத்துரை, வாங்கிய மனையின் விலையைக் கூட்டாது. அதை அந்த வருஷத்து லாப நட்டக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள். வரிக் கணக்கில் அதிகாரி இதை மூலதனச் செலவு என்று மறுக்க இடம் உண்டு. அதனால் ஆடிட்டரிடம் சொல்லாமல் கழிக்க வேண்டாம்.

இப்போது திருத்தப் பதிவு. ஏற்கெனவே சட்டச் செலவில் ஏறிவிட்டதால், நிலக் கணக்கில் 4,05,500 பற்று, கடன் பெறும் செலவில் 23,500 பற்று, வட்டிக் கணக்கில் 10,000 பற்று. எதிரே சட்டச் செலவுக் கணக்கில் 4,39,000 வரவு. வாங்காத மனையின் 8,000 மட்டும் சட்டச் செலவில் நிற்கும். டேலியில் எழுதுபவராக இருந்தால் F7 அழுத்தி ஜர்னல் வவுச்சரில் போடலாம். நிலக் கணக்கு Fixed Assets என்ற குழுவின் கீழ் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கிரயத் தொகை 36 லட்சம் ஏற்கெனவே அதில் இருக்குமானால், பதிவுக்குப் பின் இருப்பு 40,05,500 காட்ட வேண்டும். விளக்கக் குறிப்பில் பத்திர எண், பதிவான தேதி, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் எழுதுங்கள். பத்து வருஷம் கழித்து விற்கும்போது அந்த ஒரு வரிதான் கை கொடுக்கும்.

தவறான தலைப்பில் இருந்தால் என்ன நஷ்டம்? நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. அதனால் 4,05,500 ரூபாயைச் செலவாகக் காட்டி இந்த வருஷ லாபத்தைக் குறைத்தால், வரி அதிகாரி அதை மூலதனச் செலவு என்று சேர்த்துக் கூடுதல் வரியும் வட்டியும் கேட்பார். பின்னால் விற்கும்போதோ, ‘ஏற்கெனவே செலவில் கழித்ததைத்தானே மறுபடி அடக்கவிலை என்கிறீர்கள்’ என்ற கேள்வி வரும். 2024 ஜூலை 23க்குப் பின் வாங்கிய நிலத்துக்கு, விற்கும்போது பணவீக்கச் சரிக்கட்டல் இல்லை. நீண்டகால ஆதாயத்துக்கு நேராக 12.5 சதவீதம். ரசீதோடு அடக்கவிலையில் நிற்கும் 4,05,500 அன்றைக்குச் சுமார் 50,700 ரூபாய் வரியைக் குறைக்கும்.

நிலத்தின் விலையாக 38 லட்சத்தை எழுதலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கூடாது. நீங்கள் கொடுத்தது 36 லட்சம், புத்தகத்தில் ஏறுவதும் அதுவே. வழிகாட்டி மதிப்பு தீர்வை கணக்கிட மட்டும். ஆனால் அந்த மதிப்பை மறந்துவிடவும் கூடாது. கிரயத் தொகைக்கும் முத்திரை மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் கிரயத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் (அந்த 10 சதவீதம் 50,000க்குக் குறைவாக இருந்தால் 50,000ஐத் தாண்டினால்), முழு வித்தியாசமும் வாங்கியவரின் வருமானமாகி வரிக்கு வரும். உங்களுக்கு அந்த எல்லை 39,60,000. 38 லட்சத்தில் நிற்கும்வரை கவலையில்லை.

மலைப் பகுதியில் இது ஏட்டுக் கவலை அல்ல. ஒரே சர்வே எண்ணில் மேல் பாதி தார் ரோட்டை ஒட்டியும் கீழ்ப் பாதி சரிவிலும் இருக்கும். பத்திரத்தில் சரிவு நிலத்தின் மதிப்பைப் போட்டிருந்தால், சார்பதிவாளர் மதிப்புக் குறைவு என்று கருதி முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவில் முத்திரைக்கான தனித் துணை ஆட்சியருக்கு அனுப்பலாம். அவர் 40 லட்சம் என்று நிர்ணயித்தால் குறைவு முத்திரைத் தீர்வை மட்டும் 2 லட்சத்துக்கு 14,000. அதற்குரிய பதிவுக் கட்டணம் வசூலித்தால் அதுவும் கூட. இந்த நோட்டீஸ் அடுத்த நிதியாண்டில் வரும் என்பதால் கணக்கு எழுதுபவர்கள் ‘அபராதம்’ என்று செலவில் தள்ளிவிடுகிறார்கள். குறைவுத் தீர்வை நிலத்தின் அடக்கவிலைதான், எந்த வருஷம் கட்டினாலும் நிலக் கணக்கில்தான் ஏற வேண்டும். தாமதத்துக்கான வட்டியை மட்டும் பிரித்து வெளியே வையுங்கள். கூடவே, 40 லட்சம் உங்கள் 39,60,000 எல்லையைத் தாண்டிவிட்டது. அப்போது 4 லட்சமும் உங்கள் வருமானத்தில் சேரும். ஆகவே 47ஏ நோட்டீஸ் வந்தால் ‘14,000தானே’ என்று உடனே கட்டிவிடாதீர்கள். மனையின் சரிவு, பாதை அகலம், படங்களோடு ஆட்சேபனை கொடுக்க வேண்டுமா என்று முதலில் ஆடிட்டரிடமும் வக்கீலிடமும் கேளுங்கள்.

ரசீது விஷயம். பத்திர எழுத்தர் ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று ஒரே தொகையாக வாங்கியிருந்தால், அதில் தீர்வையும் கட்டணமும் பத்திரத்திலும் அரசு ரசீதிலும் தெரியும். அவருடைய கூலிக்கு அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். இதற்கு மேல் ‘ஆபீஸ் செலவு’ என்று ரசீதில்லாமல் போன பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அதை நிலத்தில் சேர்க்காதீர்கள், செலவிலும் காட்டாதீர்கள். உரிமையாளர் எடுப்பு என்று எழுதுங்கள். சட்டத்துக்குப் புறம்பான கொடுப்பைக் கழிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை.

கடைசியாக, இனி வரப்போகும் செலவுகள். கட்டட அனுமதிக்கான வரைபடக் கட்டணம், மலைப்பகுதி அனுமதிக்காகத் துறைகளிடம் தடையின்மைச் சான்று வாங்கும் செலவு, மண் பரிசோதனை ஆகியவை நிலத்துக்கு உரியவை அல்ல, கட்டடத்துக்கு உரியவை. ‘கட்டுமானம் நடப்பில்’ என்று ஒரு கணக்கு தொடங்கி இன்றைக்கே அதில் எழுதத் தொடங்குங்கள். கட்டடம் பயன்பாட்டுக்கு வந்ததும் அந்தத் தொகைக்கு வருமான வரிக் கணக்கில் 10 சதவீதத் தேய்மானம் கிடைக்கும். தவறி நிலத்தில் போட்டால் ஒரு காசும் கிடைக்காது. சரிவை வெட்டிச் சமன்படுத்துவது மனை முழுவதுக்கும் என்றால் நிலத்தில் சேரும். பட்டறையின் அஸ்திவாரத்துக்கு வெட்டும் குழியும், அதைத் தாங்கக் கட்டும் தடுப்புச் சுவரும் கட்டடத்தில். ஜே.சி.பி.காரர் இரண்டையும் ஒரே பில்லாகப் போடுவார். வேலைக்கு விடும் முன்பே எத்தனை மணி நேரம் எதற்கு என்று இரண்டு பில்லாகக் கேட்டு வாங்குங்கள்.