1.41 தான் கபிலின் மதிப்பா?

கேள்வி: பேட்டிங் சராசரியில் பந்துவீச்சு சராசரியைக் கழித்தால் ஆல்ரவுண்டரின் தரம் தெரிந்துவிடுகிறது. டெஸ்டில் இம்ரான் கானுக்கு 14.88, கபில்தேவுக்கு வெறும் 1.41. அப்புறமும் இருவரையும் ஏன் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறீர்கள்?

பதில்: அதே கழித்தலை இங்கிலாந்தின் வாலி ஹாமண்டுக்கும் செய்து பாருங்கள். பேட்டிங் 58.45, பந்துவீச்சு 37.80, மிச்சம் 20.65. இம்ரானையே தாண்டிவிட்டார்! ஆனால் ஹாமண்ட் 85 டெஸ்டில் எடுத்தது 83 விக்கெட். இம்ரான் 88 டெஸ்டில் 362. எத்தனை விக்கெட் எடுத்தார் என்ற கேள்வியே உங்கள் கணக்கில் இல்லை. எப்போதாவது நாலு ஓவர் போடுகிற பேட்ஸ்மேன் அதில் எளிதாக மேலே ஏறிவிடுவார்.

இரண்டு திறமையையும் ஒரே நாணயமாக, அதாவது ரன்னாக, மாற்றிவிட்டுக் கூட்டுவதுதான் நியாயம். ஒரு விக்கெட்டுக்கு 30 ரன் என்று அளவுகோல் வைப்போம். எடுத்த ரன்னிலிருந்து, ஆட்டமிழந்த ஒவ்வொரு முறைக்கும் 30 கழியுங்கள். வீழ்த்திய ஒவ்வொரு விக்கெட்டுக்கும் 30 வரவு வைத்து, கொடுத்த ரன்னைக் கழியுங்கள். ஹாமண்டுக்கு பேட்டிங்கில் 3529 மிச்சம், பந்துவீச்சில் சுமார் 650 நஷ்டம்; நிகரம் டெஸ்டுக்கு 34 ரன். இம்ரானுக்கு பேட்டிங்கில் 777, பந்துவீச்சில் சுமார் 2600, டெஸ்டுக்கு 38. வரிசை மாறிவிட்டது.

இதிலும் கபிலுக்கு டெஸ்டுக்கு இரண்டரை ரன்தான் தேறுகிறது. நான் சொன்னது சரிதானே என்பீர்கள். இல்லை, கோளாறு அந்த 30-ல் இருக்கிறது. கபில் ஆடாவிட்டால் அந்த இடத்துக்கு வருவது 30 சராசரி பேட்ஸ்மேன் அல்ல. இன்னொரு வேகப்பந்து வீச்சாளர். அவருடைய பேட்டிங் சராசரி 15 என்று வையுங்கள், அதுவே தாராளம். கபில் 169 முறை ஆட்டமிழந்து 5248 ரன் எடுத்தவர். 15 வீதம் கழித்தால் பேட்டிங்கில் மட்டும் 2713 ரன் லாபம். பந்துவீச்சையும் சேர்த்தால் டெஸ்டுக்கு 22 ரன் வருகிறது. இரண்டரை எங்கே, 22 எங்கே?

இதே அளவுகோலில் இம்ரான் 55-ஐத் தாண்டுகிறார். இங்கிலாந்தின் ஆல்ரவுண்டர் இயன் போத்தம் 34. ஆகவே கபில் இம்ரானுக்குச் சமம் என்று நான் வாதாட வரவில்லை; மூவரில் அவர் மூன்றாவதுதான். 15 என்பதும் என் மதிப்பீடு. ஒழுங்காகச் செய்வதென்றால் அந்தந்த ஆட்டத்தில் மற்ற பந்துவீச்சாளர்கள் என்ன அடித்தார்கள், ஒரு விக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்த்து அளவுகோலை வைக்க வேண்டும். 1930-களின் மட்டையாளர் ஆடுகளத்துக்கும் 1980-களின் ஆடுகளத்துக்கும் ஒரே 30 பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. டெஸ்டுக்கு இவ்வளவு என்று வகுத்தவுடன், கபில் ஆடிய 131 டெஸ்ட் கண்ணில் படாமல் போய்விடுகிறது. வேகப்பந்து வீசிக்கொண்டு, காயத்துக்காக ஒரு டெஸ்டைக்கூட விடாதவர் அவர். விட்டது ஒன்றே ஒன்று, 1984 கல்கத்தா டெஸ்ட். அதுவும் தேர்வாளர்கள் நீக்கியதால்.