முன்னாள் ஊழியரைப் பற்றி விசாரித்தால் என்ன சொல்வது?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட இணைப்பாளராக இருக்கிறேன். என்னிடம் வேலை செய்த கள உத்தியோகத்தர் ஒருவர் அக்கரைப்பற்றில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்து, விசாரிப்பதற்கு எனது பெயரைக் கொடுத்திருக்கிறார். சனங்களோடு நன்றாகப் பழகுவார். அறிக்கை மட்டும் எப்போதும் பிந்தும். பொய்யும் சொல்லாமல் அவருடைய பிழைப்பையும் கெடுக்காமல் எப்படிப் பதில் சொல்வது?

பதில்: அழைப்பு வந்தவுடன் விபரம் சொல்லத் தொடங்காதீர்கள். பேசுபவரின் பெயரையும் பதவியையும் கேட்டுக்கொண்டு, அந்த நிறுவனத்தின் பொது இலக்கத்துக்கு நீங்களே திருப்பி அழைப்பதாகச் சொல்லுங்கள். இதற்கிடையில் உங்கள் மனிதவளப் பிரிவிடமும் கேளுங்கள். பதவிப் பெயரையும் சேவைக் காலத்தையும் மட்டுமே சொல்லலாம் என்பது விதியானால், அது எல்லா ஊழியருக்கும் பொதுவான விதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் மௌனமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

விபரமாகப் பேச அனுமதி இருந்தால், முதலில் அவருடைய வருடாந்த மதிப்பீட்டையும் அறிக்கைகள் வந்த மின்னஞ்சல்களையும் எடுத்துப் பாருங்கள். "எப்போதும் பிந்தும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடத்தின் பன்னிரண்டு அறிக்கைகளில் ஐந்து மட்டுமே பிந்தியிருந்தால், அதுவும் வெள்ள நிவாரண வேலை நடந்த மாதங்களில் பிந்தியிருந்தால், உங்கள் வாக்கியம் உண்மையல்ல. கடைசி மாதங்களின் எரிச்சல் முழுச் சேவைக்காலத்தின் மீதும் படிந்துவிடுவதுதான் இத்தகைய பதில்களில் அதிகம் நேரும் பிழை.

திருப்பி அழைக்கும்போது, அவர் எந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்பதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் ஒரே குறை ஒரு வேலையில் சிறிதாகவும் இன்னொன்றில் பெரிதாகவும் இருக்கும். மாதர் சங்கங்களோடு பழகும் களப்பணியென்றால் இப்படிச் சொல்லலாம்: "வாகரைப் பக்கத்தில் வராமல் ஒதுங்கிப்போன சங்கங்களை மீண்டும் கூட்டங்களுக்கு வரவைத்தவர் இவர்தான். மாதாந்த அறிக்கைகளில் சில பிந்தின. ஒரு பக்கப் படிவம் கொடுத்து, இருபதாம் திகதி ஒருமுறை நினைவூட்டத் தொடங்கிய பிறகு பிந்துவது குறைந்தது, முற்றாக நிற்கவில்லை." நடந்தது என்ன, எந்தச் சூழலில் நடந்தது, எந்த உதவியால் மாறியது, எதுவரை மாறியது என்ற நான்கும் இதில் இருக்கின்றன. "சோம்பேறி", "பொறுப்பில்லாதவர்" என்பவை நீங்கள் கண்டவையல்ல, உங்கள் முடிவுகள். குடும்பப் பிரச்சினையோ நோயோ காரணமாக இருந்தாலும் அதைச் சொல்லும் உரிமை அவருக்கே உண்டு.

விண்ணப்பித்த வேலையே கண்காணிப்பும் அறிக்கை தயாரிப்பும் என்றால், மென்மையாக்காமல், "நினைவூட்டல் இல்லாமல் அறிக்கையை உரிய நாளில் தந்ததை நான் அதிகம் கண்டதில்லை" என்று சொல்லத்தான் வேண்டும். மறைத்தால் தகுதிகாண் காலத்திலேயே அது வெளிப்பட்டு, அவர் அந்த வேலையையும் இழக்கக்கூடும். "மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?" என்பது அநேகமாகக் கடைசியில் வரும் கேள்வி. இதற்குத் தயங்கி நின்றால் அதுவரை சொன்ன நல்லதெல்லாம் அடிபட்டுப் போகும். "களப்பணிக்கு எடுப்பேன், அறிக்கைப் பணிக்கு எடுக்கமாட்டேன்" என்ற பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இன்றே அவருக்கு அழைப்பெடுத்து, அறிக்கை பற்றிக் கேட்டால் நீங்கள் சொல்லப்போகும் வசனங்களை அப்படியே சொல்லிவிடுங்கள். வேறொருவரின் பெயரைக் கொடுக்க அவர் விரும்பினால், அதற்கு இன்னும் நேரம் இருக்கும்.