லிஃப்டும் தெருவும் வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள்

கேள்வி: அடுத்த மாதம் சென்னையில் எனக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 நேர்முகத் தேர்வு. முதல் நாள் காலையே பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் ஒரு ஓட்டலில் தங்குகிறேன். சின்னச் சத்தத்துக்கே எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். லிஃப்ட் பக்கமும் தெருப் பக்கமும் இல்லாத அறை வேண்டும் என்று புக்கிங் செயலியில் எழுதியிருக்கிறேன். ஓட்டலுக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமா? அதில் என்ன எழுதுவது?
– வாசகி, தென்காசி

அவசியம் அனுப்புங்கள். செயலியில் எழுதியது போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 22 வருடம் சென்னை ஓட்டல்களில் ரிசப்ஷனில் நின்றவன் சொல்கிறேன். நீங்கள் அந்தப் பெட்டியில் எழுதுவது ஓட்டலுக்கு வரும் புக்கிங் தாளில் கட்டணம், வரி எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியில் ஒரு வரியாக வரும். அதைக் கணினியில் ஏற்றுகிறவர் பெயர், தேதி, தொகை மூன்றையும் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். விருந்தினர் கோரிக்கையை எழுதிவைக்க அந்த மென்பொருளில் தனி இடமே இருக்கிறது. அதை நிரப்புங்கள் என்று எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன், நாலு நாளைக்கு நடக்கும், ஐந்தாம் நாள் பழையபடிதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். புக் செய்யும்போது உங்களுக்குக் கிடைப்பது அறை வகை மட்டும்தான். எந்த எண் அறை என்பது பெரும்பாலும் முந்தின நாள் இரவிலோ, நீங்கள் வருகிற நாள் காலையிலோதான் முடிவாகும். மறுநாள் வருகிறவர்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவர் வரிசையாக எண் போடுவார். மாதாமாதம் வருகிற கம்பெனிக்காரர்களுக்கு நல்ல அறைகள் முதலில் போய்விடும். செயலி வழியாக ஒரே ஒரு ராத்திரிக்கு வருகிறவருக்கு மிச்சம் இருப்பது. உங்கள் மின்னஞ்சல் அந்த எண் போடுகிற ஆளுக்காக எழுதப்பட வேண்டும். அவருக்கு நேரம் இருக்காது, யோசிக்கவும் மாட்டார். படித்தவுடன் எந்த அறை என்று அவருக்குத் தெரிந்துவிட வேண்டும்.

இப்போது நீங்கள் எழுதியிருப்பதில் உள்ள சிக்கலுக்கு வருகிறேன். லிஃப்ட் வேண்டாம், தெரு வேண்டாம் என்றால் மிஞ்சுவது பின்பக்கத்துக் கோடி அறை. ஓட்டலின் பின்பக்கம் அமைதியாக இருக்கும் என்று யார் சொன்னது? ஜெனரேட்டர் அங்கேதான் நிற்கும். சமையலறைப் புகையை இழுக்கும் பெரிய மின்விசிறியின் குழாய் அங்கேதான் வெளியே வரும். கோடி அறையை ஒட்டித்தான் பல இடங்களில் ஊழியர் படிக்கட்டும், சர்வீஸ் லிஃப்டும், துணி வைக்கும் அறையும் இருக்கும்.

நான் வேலை செய்த ஓர் ஓட்டலில் ஒரு பெரியவர் தெருப் பக்கம் கூடவே கூடாது என்று கேட்டார். நானே பின்பக்கம் கொடுத்தேன். காலை ஐந்து மணிக்குக் காய்கறி வண்டி வந்தது. கூடவே கேஸ் சிலிண்டர் வண்டி. காலி சிலிண்டரைத் தூக்கமாட்டார்கள், அடி விளிம்பில் சாய்த்துச் சிமென்ட் தரையில் உருட்டிக்கொண்டே போவார்கள். நாலு பக்கமும் சுவர் இருக்கிற சந்தில் அந்தச் சத்தம் மூன்று மாடிக்கும் ஏறும். ஆறு மணிக்கு அவர் கீழே இறங்கி வந்து, "தம்பி, தெருவே தேவலாம்போல இருக்கே" என்றார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கேட்டதைத்தான் கொடுத்தேன், ஆனால் அவருக்கு வேண்டியது அது இல்லை.

அதனால் எந்த இடம் வேண்டாம் என்பதோடு, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும், எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதையும் எழுதுங்கள். பின்னது முக்கியம். இரட்டைக் கட்டில் ஆனாலும் பரவாயில்லை, ஜன்னலுக்கு வெளியே எதிர்ச் சுவர் தெரிந்தாலும் பரவாயில்லை என்றால் அவர் கையில் இருக்கும் அறைகளின் எண்ணிக்கை கூடிவிடும். மாடியில் நடு மாடி கேளுங்கள். "மேலே போகப்போக அமைதி" என்று நினைத்து உச்சி மாடியைக் கேட்கிறார்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் மோட்டார் அறை மொட்டை மாடியில்தான் இருக்கும், சில இடங்களில் சாப்பாட்டுக் கூடமும் அங்கேதான்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். பொருள் வரியிலேயே முன்பதிவு எண்ணும் வருகிற தேதியும் வந்துவிட வேண்டும்.

> பொருள்: முன்பதிவு எண் (உங்கள் எண்), வருகை (தேதி), அமைதியான அறை வேண்டி
>
> வணக்கம். மேற்கண்ட எண்ணில் ஓர் இரவு தங்குகிறேன். மறுநாள் காலை எனக்கு டி.என்.பி.எஸ்.சி. நேர்முகத் தேர்வு இருப்பதால் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை தூங்குவது மிக அவசியம்.
>
> லிஃப்ட், படிக்கட்டு, துணி அறை ஆகியவற்றை ஒட்டாத, நடு மாடி அறை வேண்டும். ஜெனரேட்டருக்கும் சமையலறைக்கும் மேலே இருக்கும் அறை வேண்டாம். இரண்டும் சேர்ந்து அமையாவிட்டால் தெருப் பக்க அறையே கொடுங்கள், ஆனால் ஜன்னல் நன்றாக மூட வேண்டும். பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவு இல்லாத அறையாக இருக்கட்டும்.
>
> இரட்டைக் கட்டில், வெளிக்காட்சி இல்லாத அறை எதுவானாலும் சம்மதம். அன்று இரவு உங்கள் ஹாலில் விசேஷம் உண்டா என்றும் தெரிவியுங்கள். வருவதற்கு முந்தின நாள் இரவு போன் செய்து அறை எண்ணைக் கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவுதான். இதற்கு மேல் நீட்டினால் படிக்கமாட்டார்கள். ஹால் விசேஷத்தைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆனால் மூடிய மண்டபத்துக்குள் இருப்பவர்களுக்காக வைப்பதற்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. நடு இரவில் அதைப் பற்றி ரிசப்ஷனில் வாதாடி உங்களுக்குத் தூக்கம் வராது. முன்கூட்டித் தெரிந்தால் ஹாலுக்கு எதிர்க்கோடியில் அறை வாங்கிவிடலாம்.

மின்னஞ்சலை மூன்று நாள் முன்னால் அனுப்புங்கள். "குறித்துக்கொண்டோம், அறை இருப்பைப் பொறுத்து" என்று பதில் வரும். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. முந்தின நாள் இரவு போன் செய்து அறை எண்ணை வாங்கினால்தான் கணக்கு. எண் போட்டுவிட்டால் அதை மாற்ற அவருக்கு ஒரு காரணம் வேண்டும். எண் இல்லாதவரை நீங்கள் பட்டியலில் ஒரு பெயர்தான்.

காலையில் ரயில் இறங்கி நேராகப் போகிறீர்கள் அல்லவா, அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. செக்-இன் பன்னிரண்டு மணிக்கு என்றால், "மேடம், ஒரு அறை இப்பவே ரெடி, எடுத்துக்கிறீங்களா?" என்பார்கள். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த அசதியில் சரி என்றுவிடுவீர்கள். அந்த நேரத்தில் காலியாக இருப்பது பெரும்பாலும் யாரும் கேட்காத அறை, லிஃப்டுக்கு எதிர் அறை. பையை ரிசப்ஷனில் வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போங்கள், உங்கள் எண்ணுக்காகக் காத்திருங்கள்.

இதுவரை சொன்னது செக்-இன் நேரம் வைத்திருக்கும் ஓட்டல்களுக்கு. எழும்பூரில் நிறைய லாட்ஜுகள் 24 மணி நேரக் கணக்கில் நடப்பவை, கென்னட் லேன் பக்கம் போனால் பலகையிலேயே எழுதியிருக்கும். உங்களுடையது அப்படி என்றால் நான் சொன்ன மின்னஞ்சலால் பயன் மிகக் குறைவு. யார் எப்போது காலி செய்வார் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருவர் காலை எட்டுக்குப் போவார், ஒருவர் இரவு ஒன்பதுக்கு. அதனால் முன்னாடியே எண் போட்டு வைக்க வழியில்லை, நீங்கள் வந்து நிற்கும் நேரத்தில் எது காலியோ அதுதான். அங்கே முதல் நாள் இரவு போன், ரயில் தாம்பரம் தாண்டும்போது இன்னொரு போன், இரண்டும்தான் வேலை செய்யும். பணக் கணக்கையும் பாருங்கள். காலை ஆறரைக்கு அறை எடுத்தால் மறுநாள் காலை ஆறரைக்கு உங்கள் நேரம் முடிந்துவிடும். நேர்முகத் தேர்வுக்குக் கிளம்புகிற நேரத்தில் இன்னொரு நாள் வாடகை கேட்டு நிற்பார்கள். ஒரு மணி நேரமாவது சலுகை உண்டா என்று முதலிலேயே கேட்டு, வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது ஷிஃப்ட் மாறினால் போயிற்று.

இடைத்தரகர்கள் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். ஓட்டலின் பெயரைத் தேடுபொறியில் போட்டால் மேலே வருகிற எண் எல்லாம் ஓட்டலின் எண் இல்லை. "ரிசர்வேஷன் டெஸ்க்" என்ற பெயரில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். "அமைதியான அறையை உறுதி செய்து தருகிறோம், ஐந்நூறு ரூபாய் அனுப்புங்கள்" என்பார்கள். எந்த ஓட்டலிலும் அறை எண் போட வெளியாளுக்கு அதிகாரம் கிடையாது. அந்தப் பணம் ஓட்டலுக்குப் போகவே போகாது. கார்டைச் சரிபார்க்க வேண்டும், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று ஓட்டல் பெயரில் செய்தி வந்தால் பதிலே போடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். ஓட்டலின் சொந்த இணையதளத்தில் இருக்கும் தரைவழி எண்ணுக்கு ஒருமுறை போன் செய்து, மின்னஞ்சல் முகவரியை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலில் "அந்த ஓட்டல்ல வேலை நடக்குதும்மா, நான் நல்ல இடம் காட்டறேன்" என்று ஒருவர் வருவார். அவருக்குக் கமிஷன் வேறு லாட்ஜில். நிற்காமல் நடங்கள்.

அறைக்குப் போனதும் பையைத் தரையிலேயே வையுங்கள், கட்டிலில் உட்காராதீர்கள். ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னலையும் கதவையும் சாத்தி, இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். லிஃப்ட் கதவு திறக்கும் மணி கேட்கிறதா, தலைக்கு மேலே ஏதாவது உறுமுகிறதா, அலமாரி பக்கத்தில் பூட்டின கதவு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சரியில்லை என்றால் உடனே, பத்து நிமிடத்துக்குள் இறங்கிப் போய் மாற்றச் சொல்லுங்கள். விரிப்பு கசங்காமல், குளியலறை நனையாமல் இருந்தால் அந்த அறையை அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம், மறுபடி துப்புரவுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். ரிசப்ஷனில் இருப்பவர் மாற்றித் தருவதற்கு அது ஒன்றே போதும். குளித்துவிட்டு வந்து கேட்டால் "பார்க்கிறேன் மேடம்" என்பார், சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.