ஏசிப் படத்தை அனுப்பினால் என்ன சொல்ல முடியும்? கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "படத்தைப் பார்த்து எத்தனை பிடியூ என்று சொல்லுங்கள்" என்பதுதான். பிடியூ என்பது ஏசி எவ்வளவு குளிர்விக்கும் என்பதன் அளவு. மட்டக்களப்பில் பதினேழு வருசமாக ஏசி பூட்டிக் கழற்றியும் படத்தை மட்டும் வைத்துப் பலமுறை தவறியிருக்கிறேன். அதையும் மனதில் வைத்து வாசியுங்கள்.

அண்ணன், படத்தில் பச்சை எழுத்தில் 24 என்று எரியுது. அப்ப 24000 பிடியூதானே? விற்கிறவர் 12000 என்கிறார், ஏமாத்துறாரா? (கல்லடி)

இல்லை தம்பி, அது ரிமோட்டில் வைத்திருக்கிற வெப்பநிலை. அதை 18க்கு இறக்கினால் 18 என்று எரியும். உங்கள் படத்தில் அதைவிட நல்ல துப்பு ஒன்று இருக்கிறது. ஏசிக்குக் கீழே அதே சுவரில் ஒற்றை பிளக் பேஸ் இருக்கிறதல்லவா, மூன்று சதுர ஓட்டை உள்ள 13 அம்பியர் வகை. அந்தச் சதுர பிளேட்டின் அகலம் 8.6 செ.மீ. படத்தைப் பெருசாக்கி அளந்தேன், ஏசி சரியாகப் பத்து பிளேட் நீளம், அதாவது 86 செ.மீ. ஆனால் ஏசியின் முகம் சுவரிலிருந்து ஒரு சாண் போல முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிறது, பிளேட்டோ சுவரோடு ஒட்டியிருக்கிறது, அதனால் படத்தில் ஏசி உள்ளதைவிடப் பெருசாகத் தெரியும். நீங்கள் எட்டடி தள்ளி நின்று எடுத்திருந்தால் எட்டு வீதம் போலக் கழிக்க வேண்டும், அப்படியென்றால் 79 செ.மீ. அந்த அகலம் 9000, 12000 ஆட்களுடையது. 18000 பொதுவாக 95 செ.மீ. பக்கம் வரும், 24000 ஒரு மீற்றரைத் தாண்டும். ஆக 24000 இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம், 12000 என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பல கம்பனிகள் 9000க்கும் 12000க்கும் ஒரே அளவு கூட்டைத்தான் போடுகின்றன. சரி, ஒரு நாற்காலியில் ஏறி ஏசியின் வலப்பக்கத்திலோ அடிப்பக்கத்திலோ ஒட்டியிருக்கிற வெள்ளிநிறத் தகட்டைப் படமெடுத்து அனுப்புங்கள்.

தகட்டுப் படம் அனுப்பியிருக்கிறேன். மொடல் நம்பர் நடுவில் 35 என்று இருக்கு. 35000 பிடியூவா? (அதே தம்பி)

பார்த்தேன். எண்ணைச் சரியாகப் பிடித்தீர்கள், அலகுதான் பிசகிவிட்டது. சில கம்பனிகள் மொடலில் 09, 12, 18, 24 என்று ஆயிரம் பிடியூ கணக்கில் எழுதும், வேறு சில கம்பனிகள் கிலோவாட்டில் எழுதும். 25 என்றால் 2.5 கிலோவாட், 9000 பக்கம். 35 என்றால் 3.5, அதுதான் 12000. 50 என்றால் 18000க்குக் கிட்ட. விற்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இது தேவைக்கேற்ப வேகம் குறைத்து ஓடுகிற இன்வேட்டரா, ஓடி ஓடி நிற்கிற சாதாவா என்பது உள்தகட்டில் மட்டும் பிடிபடவில்லை, முன்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் உரிந்துவிட்டது. வெளியில் இருக்கிற பெட்டியின் தகட்டில் குளிர் அளவு ஒரே எண்ணாக இல்லாமல் "1.0 - 4.0" மாதிரி ஒரு வீச்சாக இருந்தால் இன்வேட்டர். அந்தப் படம் வரும்வரை விலை பேசாதீர்கள். தகட்டில் R22 என்று இருந்தால் அந்தக் காஸ் பழையது, நான் வாங்கமாட்டேன்.

எங்கட அறை 12க்கு 11 அடி. மேலே அஸ்பெஸ்டஸ் சீற், அதுக்குக் கீழே சீலிங் போட்டிருக்கு. மேற்குச் சுவரில் பின்னேரம் முழுக்க வெயில். மச்சான் 9000 போதும் என்கிறார், கடைக்காரர் 18000 எடுங்க, கெதியாக் குளிரும் என்கிறார். (அக்கரைப்பற்று)

அறை 132 சதுர அடி. மேலே இன்னொரு மாடி இருந்து சுவரிலும் நிழல் விழுந்தால் சதுர அடிக்கு 60 பிடியூ என்று நான் கணக்கு வைப்பேன், அப்போது 8000க்குக் கொஞ்சம் குறைவு, மச்சானின் 9000 போதும். உங்கள் வீட்டிலோ சீற் சூடேறி சீலிங்குக்கு மேலே இருக்கிற இடைவெளி அடுப்பு மாதிரி ஆகிவிடும், கச்சான் வீசுகிற நாட்களில் இரவு ஒன்பது மணிக்கும் அந்தச் சூடு இறங்காது, மேற்குச் சுவரும் பகலில் வாங்கிய வெயிலை அப்போதுதான் உள்ளே விடும். அதனால் சதுர அடிக்கு 80 பிடியூ வைத்தால் 10500 பக்கம் வரும். 12000 எடுங்கள்.

18000 கெதியாகக் குளிர்விக்கும், அதில் பொய்யில்லை. பிறகுதான் தொல்லை. பெரிய சாதா ஏசி சீக்கிரமே சொன்ன அளவை எட்டி நின்றுவிடும், நிற்கிற நேரம் காற்றிலிருக்கிற ஈரம் எடுபடாது. கடலும் வாவியும் உள்ள ஊரில் அது சின்ன விசயமில்லை. நானே என் மச்சினன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் 18000 பூட்டினேன், அவன் கேட்டான், நானும் மறுக்கவில்லை. ஒரு மாதத்தில் "மெத்தை நனைந்த மாதிரி இருக்கு" என்று கூப்பிட்டான், தொட்டுப் பார்த்தேன், உண்மைதான். கடைசியில் கழற்றி விறாந்தைக்கு மாற்றினோம், குழாய்க் காசு தண்டம்.

காக்கா, ஒண்டில அஞ்சு நட்சத்திரம், மற்றதில அஞ்சு டிக். ரெண்டும் ஒண்டுதானே? (காத்தான்குடி)

ஒன்றில்லை. நட்சத்திரம் இந்திய லேபிளாக இருக்கும், டிக் சிங்கப்பூருடையது. அளக்கிற முறை வேறு, எல்லைகளும் வேறு. ஒரே நாட்டு லேபிளிலும் வருசம் பார்க்க வேண்டும்: இந்தியாவில் 2022 ஜூலையில் படிகளை இறுக்கினார்கள். அதற்கு முன் மின்சிக்கன எண் 4.5 எடுத்தால் ஐந்து நட்சத்திரம், அந்த மாற்றத்தில் 5 எடுக்க வேண்டியதாயிற்று, ஆகவே பழைய ஐந்து புதிய கணக்கில் நான்காகிவிடலாம். இரண்டு நாட்டுப் பெட்டிகளை ஒப்பிட வேண்டுமென்றால் படத்தை விட்டுவிட்டு, தகட்டிலுள்ள குளிர் வாட்டை மின் வாட்டால் வகுத்துப் பாருங்கள். 3500ஐ 1100ஆல் வகுத்தால் 3.2, 850ஆல் வகுத்தால் 4.1. கூடினது நல்லது. இன்வேட்டர் மெதுவாக ஓடும்போது மிச்சம் பிடிப்பதை இந்தக் கணக்கு காட்டாது, அதனால் இன்வேட்டரை இன்வேட்டரோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுக்கிற மேலதிகக் காசு திரும்பி வருமா? எங்கட பில் இப்ப 110 யூனிட். (களுவாஞ்சிக்குடி)

எத்தனை மணிநேரம் போடுவீர்கள் என்பதுதான் கேள்வி ஐயா. ஒவ்வொரு இரவும் எட்டு மணிநேரம் என்றால் 12000 சாதா ஒன்று ஐந்தரை யூனிட் இழுக்கும், ஐந்து நட்சத்திர இன்வேட்டர் மூன்றரைக்குள் நிற்கும். அறைக்கு அறை மாறும், இது என் அனுபவக் கணக்கு. மாதத்துக்கு 60 யூனிட் வித்தியாசம். உங்கள் 110உடன் சேர்த்தால் ஒன்று 275, மற்றது 215. இரண்டுமே 180ஐத் தாண்டிவிடுகின்றன, அதனால் அந்த 60 யூனிட்டும் வீட்டுக் கட்டணத்தின் மிக விலைகூடிய படியில்தான் விழும். உங்கள் பில்லில் அந்தப் படியின் விலையை எடுத்து 60ஆல் பெருக்குங்கள், கடையில் கேட்கிற விலை வித்தியாசத்தை அதால் வகுத்தால் எத்தனை மாதம் என்று வரும். ஞாயிறு மத்தியானம் மட்டும் போடுகிறவருக்கு மூன்று நட்சத்திரமே போதும்.

வெளிப்பெட்டித் தகடு துருப்பிடிச்சு ஒண்டும் வாசிக்க ஏலாது அண்ணன். படம் பாருங்க. (கல்லடித் தம்பி)

கடற்காற்று. பெட்டியின் பின்பக்கத்து மெல்லிய அலுமினிய அடுக்குகளை விரலால் மெதுவாகத் தொடுங்கள், தூளாக உதிர்ந்தால் இன்வேட்டராக இருந்தாலும் வேண்டாம். உதிரவில்லை என்றால் உள்தகட்டு மொடல் நம்பரை முழுசாக அனுப்புங்கள், அதற்குச் சேர்ந்த வெளிப்பெட்டி எது என்று தேடிப் பார்க்கிறேன்.