பழைய கம்பெனியைப் பற்றி உண்மையை எழுதினால் வழக்கு வருமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஃப்ரன்ட் ஆபீஸில் 14 மாதம் வேலை பார்த்து விலகிவிட்டேன். கம்பெனியின் தலைமை அலுவலகம் சென்னையில். கடைசி மாதச் சம்பளம் இன்னும் பாக்கி. வேலை தேடும் தளம் ஒன்றில் போட இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "ஃபிராடு கம்பெனி. எங்கள் பி.எஃப். பணத்தைத் திருடிவிட்டார்கள். ஓனர் குடித்துவிட்டு வந்து கத்துவார். அக்கவுண்ட்ஸ் அண்ணனுக்கு ஆறு மாதமாகச் சம்பளம் இல்லை. யாரும் போகாதீர்கள்." எல்லாம் உண்மைதான். "பாக்கியைத் தராவிட்டால் போட்டுவிடுவேன்" என்று மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியும் விட்டேன். என் மேல் கேஸ் போட முடியுமா?

பதில்: முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. நீங்கள் எழுதி வைத்திருக்கும் ரிவ்யூவைவிட எனக்குக் கவலை தருவது அதுதான். பணம் தராவிட்டால் அவதூறாக ஒன்றை வெளியிடுவேன் என்று மிரட்டுவதை, பணம் பறித்தல் குற்றத்துக்கு முதல் உதாரணமாகவே சட்டம் சொல்கிறது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவைப் பாருங்கள். உங்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்தைத்தான் கேட்டீர்கள், அதனால் அந்தக் குற்றச்சாட்டு நிற்பது கடினம். ஆனாலும் நாளைக்கு அவர்கள் வக்கீல் அதைக் காட்டி, "மற்றவர்களை எச்சரிக்க எழுதவில்லை, பணத்துக்காக எழுதினார்" என்று வாதிடுவார். இனி சம்பளப் பாக்கியையும் ரிவ்யூவையும் ஒரே பேச்சில் சேர்க்காதீர்கள். பாக்கியைக் கேட்டு மின்னஞ்சல் ஒன்று தனியாக அனுப்புங்கள், அதில் ரிவ்யூ என்ற சொல்லே வர வேண்டாம். பழைய செய்தியை அழிக்கவும் வேண்டாம். அது மேனேஜர் போனிலும் இருக்கிறது, அழித்தால் மறைத்ததாக ஆகும்.

அடுத்து, "எல்லாம் உண்மைதான்" என்பது. நஷ்டஈடு கேட்டு வரும் சிவில் வழக்கில் உண்மை முழுப் பாதுகாப்பு. கிரிமினல் அவதூறு வழக்கில், அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் 499, இப்போதைய சட்டத்தின் 356-ஆம் பிரிவில், உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். கம்பெனியும் அவதூறு வழக்குப் போடலாம், சட்டத்தில் அதற்குத் தடையில்லை. இரண்டு வழக்கிலும் உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் தலையில்தான் விழும். அதனால் "இது உண்மையா" என்று கேட்டால் போதாது, "இதை நான் எதைக் காட்டி நிரூபிப்பேன்" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பாருங்கள்.

பி.எஃப். வரியை எடுத்துக்கொள்வோம். உங்கள் புகார்களில் கனமானது இதுதான், நீங்கள் எழுதியதில் பலவீனமான வரியும் இதுதான். உங்களிடம் இருப்பது என்ன? சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது, பி.எஃப். பாஸ்புக்கில் வரவு இல்லை. இரண்டும் உங்களுடையவை. அப்படியிருக்க "எங்கள்" என்று எழுதியதும் மற்ற ஊழியர்களின் பாஸ்புக்குக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். "என்" என்று மாற்றுங்கள். பிறகு "திருடினார்கள்". பிடித்த பங்கைக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடி ஆகும் என்று அதே சட்டத்தின் 316-ஆம் பிரிவின் விளக்கம் சொல்வது உண்மைதான். ஆனால் இந்தக் கம்பெனி அந்தக் குற்றத்தைச் செய்தது என்று தீர்மானிப்பது நீதிமன்றம். நீங்கள் நடந்ததைச் சொல்லுங்கள், படிக்கிறவர்கள் தாங்களே புரிந்துகொள்வார்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு மாதப் பிடித்தத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சில கம்பெனிகள் நாலைந்து மாதம் கழித்து மொத்தமாகக் கட்டிவிடும். நீங்கள் எழுதிய மறுவாரம் பணம் ஏறிவிட்டால், "கட்டவில்லை" என்ற உங்கள் வரி பொய் போலத் தெரியும். எனவே போடுகிற அன்று காலையில் பாஸ்புக்கைத் திறந்து பார்த்து, அந்தத் தேதியையும் ரிவ்யூவில் எழுதுங்கள். எந்தெந்த மாதம் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். அப்படி எழுதிய வரி பிறகு பணம் ஏறினாலும் பொய்யாகாது.

ஓனர் குடிப்பது. நீங்கள் கண்ணால் பார்த்திருக்கலாம், நான் நம்புகிறேன். சாட்சி யார்? இன்னும் அங்கே வேலையில் இருப்பவர்கள் கூண்டில் ஏறி ஓனருக்கு எதிராகச் சொல்லமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அது தனி மனிதர் மீதான குற்றச்சாட்டு என்பதால் கம்பெனியோடு அவரும் தனியாக வழக்குப் போடலாம். எடுத்துவிடுங்கள். அக்கவுண்ட்ஸ் அண்ணன் சம்பளமும் அப்படியே. அவர் சொல்லிக் கேட்டது உங்கள் சாட்சியம் ஆகாது. "கேள்விப்பட்டேன்" என்று சேர்த்தாலும் தப்ப முடியாது, கேட்டதைத் திரும்பச் சொல்வதும் வெளியிடுவதுதான். அதோடு அந்த வரியைப் படித்ததும் யார் பேசினார் என்று கம்பெனி கண்டுபிடித்துவிடும், அவர் வேலைக்குத்தான் ஆபத்து.

"யாரும் போகாதீர்கள்" என்பது உங்கள் கருத்து. அதில் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் "நான் மறுபடி சேரமாட்டேன்" என்றால் இன்னும் பத்திரம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். மாதங்களையும் தேதிகளையும் உங்கள் காகிதங்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்:

"ஃப்ரன்ட் ஆபீஸில் 14 மாதம் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்தவர்கள் நன்றாகப் பழகினார்கள். ஊழியர் சாப்பாடு நன்றாக இருந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் என் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள், ஜனவரி 10 அன்று நான் பார்த்தபோது அந்த மூன்று மாதத் தொகை என் பாஸ்புக்கில் ஏறவில்லை. என் கடைசி மாதச் சம்பளம் அன்றுவரை வரவில்லை. இதனால் நான் மறுபடி இங்கே சேரமாட்டேன்."

நல்லதையும் சேர்த்தது கம்பெனிக்காக இல்லை. சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தால்தான் அந்த வரி இருக்க வேண்டும். நேர்மையாக எழுதினீர்கள் என்பதற்கு நீதிமன்றத்தில் அது பலம் தரும்.

பெயர் போடாமல் எழுதினால் தப்பிக்கலாமா என்று நினைக்காதீர்கள். ஃப்ரன்ட் ஆபீஸ், 14 மாதம், இந்த மூன்று மாதப் பி.எஃப். என்றதும் அவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் நீதிமன்ற உத்தரவு வாங்கித் தளத்திடம் விவரம் கேட்கலாம்.

போடுவதற்கு முன் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், தேதி தெரியும் பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கம்பெனி மின்னஞ்சலில் இன்னும் நுழைய முடிந்தாலும் நுழையாதீர்கள், உள் ஆவணம் எதையும் ரிவ்யூவோடு ஏற்றாதீர்கள். விலகும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் "கம்பெனியைப் பற்றி எதுவும் பேசமாட்டேன்" என்ற மாதிரி வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ரிவ்யூவைப் போடாமல் அந்தக் காகிதத்தோடு நேரில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வழக்குப் போட முடியுமா என்றால், முடியும். அவதூறுக்குப் போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, கம்பெனிதான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். இப்போதைய நடைமுறைச் சட்டப்படி, மாஜிஸ்திரேட் அந்தப் புகாரை ஏற்பதற்கு முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். அந்தக் கட்டத்திலேயே சம்பளச் சீட்டையும் பாஸ்புக்கையும் காட்டலாம். நான் பயப்படுவது தண்டனைக்கு அல்ல, அலைச்சலுக்கு. அவர்கள் சென்னையில் வழக்குப் போட்டால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் மலை இறங்கி ரயில் பிடிக்க வேண்டியிருக்கும். நிரூபிக்க முடியாத வரிகளை எடுத்துவிடச் சொன்னது இதற்காகவும்தான்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள், பதில் சொல்லாமலும் விடாதீர்கள். அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் ஆதாரங்களோடு ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள்.

பி.எஃப். பணத்துக்கு ரிவ்யூவை நம்பியிருக்க வேண்டாம். epfigms.gov.in தளத்தில் உங்கள் யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து இந்த வாரமே புகார் பதிவு செய்யுங்கள். அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்று சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. புகாரின் பதிவு எண்ணை எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு ரிவ்யூவைப் போடுங்கள்.