வட்டம் முட்டையான கதை

*28 எண் ஈவன்வீவ் துணி என்று சொல்லித்தான் தந்தார்கள். இரண்டு இழைக்கு ஒரு புள்ளடித் தையல் என்று எண்ணி எண்ணித் தைத்தேன். வட்டமான பூவளையம் முட்டைபோல நிற்கிறது. எங்கே பிழை விட்டேன்?* – மாங்குளம்

நீங்கள் பிழை விடவில்லை, தங்கச்சி. பிழை துணியில். ஓர் அங்குலத்துக்கு நெடுக்கே எத்தனை இழையோ, குறுக்கேயும் அத்தனை இருந்தால்தான் அது ஈவன்வீவ். நீங்கள் அனுப்பிய துண்டில் இரண்டு குண்டூசி குத்தி எண்ணினேன். அகலப்பக்கம் 28, உயரப்பக்கம் 25. உங்கள் வளையம் இரு பக்கமும் 84 புள்ளடி, அதாவது 168 இழை. அகலம் 6 அங்குலம் வரும். உயரம் 6.7 அங்குலத்துக்குப் போய்விடும். பிறகு எப்படி வட்டம் வட்டமாக இருக்கும்?

தைத்ததை விடுங்கள். வெட்டாமல் மிஞ்சிய துணியையும் பில்லையும் அடிமட்டத்தையும் கொண்டுபோய்க் கடைக்காரருக்கு முன்னாலேயே எண்ணிக் காட்டுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குப் போன் அடியுங்கள். நானும் ஒருமுறை நிறத்தில் மயங்கி எண்ணாமல் ஒரு மீற்றர் வாங்கினேன். அது இன்றைக்கு இடியப்பத் தட்டை மூடிக் கிடக்கிறது.

*அய்டா துணியைவிட ஈவன்வீவ் விலை கூட. வாங்கத்தான் வேண்டுமா?* – மல்லாவி

முழுப் புள்ளடி மட்டும் என்றால் வேண்டாம். 28ஐ இரண்டு இழைக்கு மேல் தைத்தாலும் அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள அய்டாவில் தைத்தாலும் படத்தின் அளவு ஒன்றுதான்.

*பனைமரப் படம் ஒன்றைச் சட்டம் போட்டு விற்கக் கொடுத்தேன். வெள்ளைத் துணியில் கறுப்புக் கோடு நிழலாகத் தெரிகிறது என்று பாதி விலைக்குக் கேட்கிறார்கள். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?* – புதுக்குடியிருப்பு

முன்பக்கமாகவே பார்த்திருக்கிறார்களே! பாதி விலை அநியாயம், நிழல் உண்மை. இந்தக் கேள்வி எனக்கு மாதத்துக்கு ஒன்று வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஈவன்வீவில் இழைகளுக்கு நடுவே வெளிச்சம் போகும். மரத்தில் கறுப்பைத் தைத்துவிட்டு, வெறும் துணிக்குப் பின்னால் ஓர் அங்குலம் தாவித் தனியாகக் கிடக்கும் பனங்காய்க்குப் போனீர்கள். அந்தத் தாவல்தான் தெரிகிறது. தைத்த இடத்துக்குப் பின்னால் மூன்று நான்கு புள்ளடி தூரம் தாவலாம். வெறும் துணிக்குப் பின்னால் தாவவே கூடாது. பனங்காய்க்குப் புதிதாகத் தொடங்குங்கள்.

தொடங்குவதற்கு முடிச்சு வேண்டாம். ஆறு புரி நூலில் ஒரு புரியை மட்டும் 90 சென்ரிமீற்றர் எடுத்து இரண்டாக மடியுங்கள். வெட்டிய இரு நுனியையும் ஊசியில் கோத்தால் மறுமுனை கண்ணியாக நிற்கும். கண்ணியைப் பின்னால் விட்டு மேலே வாருங்கள், புள்ளடியின் முதல் காலைப் போட்டுக் கீழே போகும்போது ஊசியைக் கண்ணிக்குள் விட்டு இழுங்கள். பூட்டிக்கொள்ளும். ஒற்றைப் புரியில் தைப்பவர்களுக்கு இது சரிவராது.

நிறம் மாற்றும்போது துணியைத் திருப்பி, அதே நிறத்து நான்கு தையலுக்கு அடியால் ஊசியை விட்டு இழுத்து ஒட்ட நறுக்குங்கள். கறுப்பு வாலை மஞ்சள் தையலுக்கு அடியில் ஒளித்தால் முன்னால் அழுக்குப்போலத் தெரியும். இரண்டு நிறம் மாறி மாறி வந்தால் இரண்டு ஊசி வைத்திருங்கள்.

உங்கள் படத்தைப் பிரிக்கத் தேவையில்லை. சட்டத்தைக் கழற்றி, அந்தத் தாவலை நடுவில் வெட்டுங்கள். அரை அங்குல வால் இரண்டு கிடைக்கும். அந்த நீளத்தில் நூலைக் கோத்துவிட்டுத் தைக்க முடியாது. அதனால் வெறும் ஊசியை முதலில் தையல்களுக்கு அடியால் பாதி நுழைத்து வையுங்கள், ஊசிக்கண் வாலுக்குப் பக்கத்தில் நிற்கும். அப்புறம் வாலைக் கண்ணில் கோத்து ஊசியை இழுங்கள். பனங்காய்ப் பக்கம் தையல் குறைவாக இருந்தால் போன வழியே ஒருமுறை திரும்பி வாருங்கள். முடித்துவிட்டு முழு விலையைக் கேளுங்கள்.

*முடிச்சே போட்டால் என்ன?* – துணுக்காய்

துணியின் ஓட்டையால் முன்னுக்கு வரும். வராவிட்டால் சட்டத்துக்குள் கொப்பளம்போல முட்டி நிற்கும்.

*நூறு நிற நூல் கட்டு மலிவாக வாங்கினேன். கழுவியதும் சிவப்பு ஊறிவிட்டது. பில்லை எறிந்துவிட்டேன்.* – பரந்தன்

இதே முட்டாள்தனத்துக்கு நானும் காசு கொடுத்திருக்கிறேன். என் மேசைவிரிப்பில் செம்பருத்தியைச் சுற்றி இன்னும் ரோஸ் நிறம். காயமுன் குளிர்நீரில் திரும்பத் திரும்ப அலசிப் பாருங்கள், காய்ந்திருந்தால் சந்தேகம்தான். இனி எந்தச் சிவப்பையும் ஒரு முழம் நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத் தையுங்கள். பில் இல்லாமல் கடையில் என்ன பேசுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தெரியவில்லை, தம்பி.